இரண்டு உச்சங்களை வைத்து ஒரு படிகத்தைப் படிப்பது

லேசான அணுக்களையும் காந்த அமைப்பையும் நியூட்ரான்கள் காட்டும், எக்ஸ் கதிர்கள் அவற்றில் தடுமாறும் என்று திடநிலை இயற்பியல் வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொள்கிறோம். தேர்வுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் படிகத்தில் சிதறிய கற்றையின் செறிவு சில கோணங்களில் உச்சங்களாக எழும் உண்மையான ஒரு விளிம்பு விளைவுப் படத்தை முன்னால் வைத்து, எந்த உச்சம் ஏன் உயரமாக நிற்கிறது என்று யாராவது கேட்டால் அந்த வரி கைகொடுக்காது. எனக்கு இந்த விஷயம் தெளிந்தது, சமையல் உப்பின் அமைப்பைக் கொண்ட இரண்டு சேர்மங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டே உச்சங்களின் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தபோதுதான். அதே கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். கூட்டலும் கழித்தலும் வர்க்கமும் தெரிந்தால் போதும்.

முதலில் உப்பின் அமைப்பு. ஒரு கனசதுரக் கூட்டில் இரண்டு வகை அணுக்கள், முப்பரிமாணத்தில் சதுரங்கக் கட்டங்கள் போல மாறி மாறி அமர்ந்திருக்கின்றன. கனசதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் செல்லும் திசையில், அதாவது (111) திசையில், இந்தப் படிகத்தைப் பார்த்தால் ஓர் அடுக்கு முழுவதும் முதல் வகை அணு, அடுத்த அடுக்கு முழுவதும் இரண்டாம் வகை அணு என்று வரிசை போகும். ஒரே வகை அடுக்குகள் இரண்டுக்குச் சரியாக நடுவில் மற்ற வகை அடுக்கு இருப்பதால், (111) உச்சத்தில் இரண்டிலிருந்தும் வரும் அலைகள் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும்படி நேர் எதிர்க் கட்டத்தில் சந்திக்கின்றன. ஒன்றின் வீச்சிலிருந்து மற்றதன் வீச்சு கழிகிறது. கனசதுரத்தின் விளிம்பை ஒட்டிய (200) உச்சத்தில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வோர் அடுக்கிலும் இரு வகை அணுக்களும் கலந்தே இருக்கின்றன, அலைகள் ஒரே கட்டத்தில் வருகின்றன, வீச்சுகள் கூடுகின்றன. ஆக (111) என்றால் வித்தியாசம், (200) என்றால் கூட்டுத்தொகை. உச்சத்தின் செறிவு அந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. இதற்கு மேல் கட்டமைப்பு பற்றி நமக்கு எதுவும் தேவையில்லை.

இப்போது சோடியம் ஹைட்ரைடை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் கதிர்களைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். சோடியம் அயனியில் 10 எலக்ட்ரான்கள், ஹைட்ரைடு அயனியில் 2. மேலோட்டமாகப் பார்த்தால் (111)-க்கு 8, (200)-க்கு 12 என்று வர வேண்டும். ஆனால் ஹைட்ரைடின் எலக்ட்ரான் மேகம் மிகவும் விரிந்து பரந்தது. மேகம் விரிய விரிய, அதன் வெவ்வேறு பகுதிகளிலிருந்து சிதறும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சிதறல் கோணம் கூடக் கூட அந்த இழப்பும் கூடுகிறது. இந்த இரண்டு உச்சங்களும் விழும் கோணத்தை எட்டுவதற்குள் ஹைட்ரைடின் பங்கு ஓர் எலக்ட்ரானுக்கும் கீழே போய்விடும். செறிவாக உள்ள சோடியத்தின் பங்கோ பெரிதாகக் குறையாது. எனவே எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிவது ஏறக்குறைய சோடியம் மட்டுமே. சோடியம் அணுக்கள் கனசதுரத்தில் எங்கே இருக்கின்றன என்பது உறுதியாகத் தெரியும். ஹைட்ரஜன் உப்பில் உள்ளதுபோல நடுவில் இருக்கிறதா, துத்தநாக சல்பைடில் உள்ளதுபோல கனசதுர மூலைவிட்டத்தின் கால் பங்கு தூரத்தில் இருக்கிறதா என்பதற்கு, அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துவிடக்கூடிய சிறு வேறுபாடுகளை நம்ப வேண்டியிருக்கும்.

1948-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், கிராஃபைட் அணு உலையின் பக்கத்தில் வைத்த கருவியில், கிளிஃபோர்டு ஷல், எர்னஸ்ட் வோலன் ஆகியோரும் அவர்கள் சகாக்களும் இந்தக் கேள்வியை நியூட்ரானிடம் கேட்டார்கள். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. எலக்ட்ரான் மேகத்தை அது பொருட்படுத்தாமல் கடந்துபோய் அணுக்கருவில் சிதறுகிறது. ஓர் அணுக்கரு எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்பதைச் சிதறல் நீளம் என்ற அளவால் சொல்கிறார்கள். அதன் அலகு ஃபெம்டோமீட்டர். சோடியத்துக்கு அது 3.63. ஹைட்ரஜனுக்கு மைனஸ் 3.74. அந்த மைனஸ் குறியைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான அணுக்கருக்களிலிருந்து சிதறும் அலையோடு ஒப்பிட்டால், ஹைட்ரஜனிலிருந்து சிதறும் அலை தலைகீழாக வருகிறது என்பது அதன் பொருள்.

கணக்கைப் போடுவோம். (111) என்றால் வித்தியாசம்: 3.63-இலிருந்து மைனஸ் 3.74-ஐக் கழித்தால் 7.37. (200) என்றால் கூட்டுத்தொகை: மைனஸ் 0.11, அதாவது கிட்டத்தட்ட பூஜ்யம். உப்பு அமைப்பு சரியானால் நியூட்ரான் படத்தில் (111) ஓங்கி நிற்க வேண்டும், (200) காணாமலே போக வேண்டும். துத்தநாக சல்பைடு அமைப்பில் (200) உச்சத்துக்கு வருவது வித்தியாசம்; எனவே அந்த அமைப்பு சரியானால் (200) பலமாகத் தெரிய வேண்டும். உண்டா இல்லையா என்ற அளவுக்குக் கூர்மையான சோதனை இது. விடை உப்பு அமைப்புக்கே சாதகமாக வந்தது.

அவர்கள் அதோடு விடவில்லை. ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்தை வைத்து அதே சேர்மத்தையும் அளந்தார்கள். எலக்ட்ரான் எண்ணிக்கை மாறாததால் எக்ஸ் கதிருக்கு இரண்டும் ஒரே பொருள்தான். ஆனால் டியூட்டீரியத்தின் சிதறல் நீளம் பிளஸ் 6.67. இப்போது (111) மைனஸ் 3.04 ஆகிச் சுருங்குகிறது, (200) 10.30 ஆகி எழுகிறது. வர்க்கப்படுத்தினால் ஒன்று 9, மற்றொன்று 106. ஒரு நியூட்ரானைக் கூடுதலாகச் சேர்த்ததும், அணுக்கள் அதே இடங்களில் இருக்கும்போதே, படம் தலைகீழாகிவிட்டது. ஹைட்ரஜன் இருக்கும் இடத்தை இதைவிடத் தெளிவாக நிரூபிக்கும் சோதனை ஒன்றை நான் அறியேன்.

இந்த எண்களோடு கொஞ்ச நேரம் இருந்தால், வகுப்பில் எழுதிக்கொண்ட அந்த வரியில் உள்ள குறையும் தெரிகிறது. லேசான அணுக்கள் மீது நியூட்ரானுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. ஓர் எலக்ட்ரான் எக்ஸ் கதிரைச் சிதறடிக்கும் வலுவையும் இதே அலகில் சொன்னால் 2.82 ஃபெம்டோமீட்டர் வரும். ஹைட்ரஜனின் ஓர் எலக்ட்ரான் 2.82, அதன் அணுக்கரு 3.74. இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான். வேறுபாடு அண்டை அணுவில் இருக்கிறது. யுரேனியத்தின் 92 எலக்ட்ரான்கள் சேர்ந்து எக்ஸ் கதிருக்கு 259 என்று பேசும்போது, அதே யுரேனியத்தின் அணுக்கரு நியூட்ரானுக்கு 8.4 என்றுதான் பேசுகிறது. ஆக்சிஜனுக்கு 5.80, நைட்ரஜனுக்கு 9.36, ஈயத்துக்கு 9.40. அணு எண்ணோடு ஏறிக்கொண்டே போகும் படிக்கட்டு இங்கே இல்லை. கனமான அணுக்கள் லேசானவற்றை மூழ்கடிக்காமல் இருப்பதுதான் நியூட்ரானின் பலம். மேலும், அணுக்கரு மிகச் சிறியது. நியூட்ரானின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு புள்ளி. அதனால் எலக்ட்ரான் மேகத்துக்கு நேர்ந்ததுபோல, கோணம் கூடும்போது அதன் சிதறல் வலு குறைவதில்லை.

ஹைட்ரஜனுக்கு ஏன் மைனஸ் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஆய்வுக்கூடத்தில் வரும் பெரிய தொல்லையும் அதே இடத்திலிருந்துதான் பிறக்கிறது. நியூட்ரானுக்கும் புரோட்டானுக்கும் தற்சுழற்சி உண்டு. இரண்டும் இணையாக இருக்கும்போது சிதறல் நீளம் பிளஸ் 10.8, எதிராக இருக்கும்போது மைனஸ் 47.4. இணையாக அமைய நான்கில் மூன்று வாய்ப்பு, எதிராக அமைய நான்கில் ஒன்று. சராசரி எடுத்தால் மைனஸ் 3.74 வந்துவிடும். உச்சங்களை உருவாக்குவது இந்தச் சராசரி. ஆனால் ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுக்கருவும் தன் தற்சுழற்சிக்கு ஏற்ப ஒன்று 10.8 என்றும் மற்றொன்று மைனஸ் 47.4 என்றும் தாறுமாறாகச் சிதறடிக்கும்போது, சராசரியிலிருந்து விலகும் அந்தப் பெரிய பகுதி எந்த உச்சத்திலும் சேராமல் எல்லாத் திசைகளிலும் பரவி, படத்தின் அடித்தளத்தை உயர்த்திவிடுகிறது. ஹைட்ரஜன் நிறைந்த பொருளின் நியூட்ரான் படத்தைப் பார்த்தால் சிறிய உச்சங்கள் அந்த உயர்ந்த அடித்தளத்தில் அமுங்கிக் கிடக்கும். பார்ன் என்ற அலகில் இந்த ஒழுங்கற்ற சிதறல் ஹைட்ரஜனுக்கு 80, டியூட்டீரியத்துக்கு 2 மட்டுமே. ஹைட்ரஜன் சேர்மங்களை அளப்பவர்கள் முடிந்தவரை டியூட்டீரியம் இட்ட மாதிரியைக் கேட்பதற்கு இதுதான் காரணம். வேதியியல் நண்பர்களிடம் அந்தக் கோரிக்கையை வைக்கும்போது அவர்கள் முகம் சுருங்குவது எனக்குப் பழக்கம். டியூட்டீரியம் இட்டுத் தயாரிப்பது செலவும் உழைப்பும் பிடிக்கும் வேலை. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்.

இடையில் ஒரு சிறு குறிப்பு. கரிமச் சேர்மங்களில் கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே உள்ள தூரம் எக்ஸ் கதிர் முடிவுகளில் 0.95 ஆங்ஸ்ட்ராம் அளவிலும், நியூட்ரான் முடிவுகளில் 1.08 அளவிலும் இருக்கும். இரண்டில் ஒன்று தவறு என்று கருத வேண்டாம். ஹைட்ரஜனின் ஒரே எலக்ட்ரான் பிணைப்பை நோக்கி இழுக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ் கதிர் அந்த மேகத்தின் இடத்தைச் சொல்கிறது, நியூட்ரான் அணுக்கருவின் இடத்தைச் சொல்கிறது.

இனி காந்தம். இதற்கு உதாரணம் மாங்கனீசு ஆக்சைடு. அதுவும் உப்பு அமைப்புதான், எனவே நம் கணக்கு அப்படியே செல்லும். மாங்கனீசு அயனியில் 23 எலக்ட்ரான்கள், ஆக்சைடு அயனியில் 10. கோணத்தால் வரும் குறைவை விட்டுவிட்டால் எக்ஸ் கதிருக்கு (111) 13, (200) 33; அதாவது (200) உச்சமே பெரியது. நியூட்ரானுக்கு மாங்கனீசு மைனஸ் 3.73, ஆக்சிஜன் 5.80. மாங்கனீசும் மைனஸ் குறி உள்ள அணுக்களில் ஒன்று என்பது நம் அதிர்ஷ்டம். (111) அளவில் 9.5, (200) வெறும் 2.1. எக்ஸ் கதிர்ப் படத்தில் பின்தங்கும் உச்சம் நியூட்ரான் படத்தில் முன்னே நிற்கிறது. அறை வெப்பநிலையில் எடுத்த படம் இதோடு ஒத்துப்போகும்.

இந்தச் சேர்மம் 118 கெல்வின் அளவில் விசித்திரமாக நடந்துகொள்ளும் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த இடத்தில் அதன் காந்த ஏற்புத்திறனும் வெப்ப ஏற்புத்திறனும் முறிவைக் காட்டின. பிரான்சின் லூயி நெயெல் 1930-களிலேயே, அண்டை அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் எதிரெதிராக அணிவகுத்து மொத்தக் காந்தம் பூஜ்யமாகும் ஒரு நிலை இருக்க முடியும் என்று முன்வைத்திருந்தார். மொத்தம் பூஜ்யம் என்பதால் வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் காட்டி அதைச் சோதிக்க முடியாது. ஒவ்வோர் அணுவின் காந்தமும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாவிட்டாலும் காந்தத் திருப்புத்திறன் உண்டு. இணை சேராத எலக்ட்ரான் உள்ள அணுவில் அது காந்த வழியாகவும் சிதறும். அதன் வலு, அணுவின் காந்தத் திருப்புத்திறனை அளக்கும் அலகான போர் மேக்னட்டான் ஒன்றுக்கு 2.70 ஃபெம்டோமீட்டர். அணுக்கருச் சிதறலின் எண்களும் இதே அளவில்தான் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அணுக்கரு விசையும் மின்காந்த விசையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. ஆனாலும் இந்த இரண்டு வலுவும் ஒரே அளவில் விழுந்திருக்கின்றன. ஒன்று மற்றதைவிட ஆயிரம் மடங்கு பெரியதாக இருந்திருந்தால் காந்த அமைப்பு என்ற துறையே வேறு வடிவம் எடுத்திருக்கும். மாங்கனீசு அயனியில் இணை சேராத எலக்ட்ரான்கள் 5. ஒவ்வொன்றும் ஒரு போர் மேக்னட்டான் தருவதால் காந்தச் சிதறல் 13.5 வரை போகலாம். கோணத்தால் சற்றுக் குறைந்தாலும் அணுக்கருவின் 9.5-க்குப் பக்கத்தில் தலைநிமிர்ந்து நிற்கும்.

எக்ஸ் கதிரும் காந்தத்தை அடியோடு உணராமல் இல்லை. ஆனால் அந்த உணர்வின் வீச்சு, எக்ஸ் கதிரின் ஆற்றலுக்கும் எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தால் குறைகிறது. 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை 511-ஆல் வகுத்தால் நூற்றில் இரண்டு. அதிலும் இணை சேராத சில எலக்ட்ரான்கள் மட்டுமே பங்கு கொள்கின்றன. வர்க்கப்படுத்திப் பார்த்தால், வழக்கமான உச்சத்தோடு ஒப்பிடும்போது காந்தத்தால் வருவது பத்து லட்சத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான்.

1949-இல் ஷல், சாமுவேல் ஸ்மார்ட் இருவரும் மாங்கனீசு ஆக்சைடுப் பொடியை 80 கெல்வினுக்குக் குளிர்வித்து அளந்தார்கள். திரவ நைட்ரஜனே போதுமான குளிர்ச்சி தரும் சேர்மம் கிடைத்தது நல்ல வாய்ப்பு. கணக்கைப் பாருங்கள். கூட்டின் விளிம்பு 4.44 ஆங்ஸ்ட்ராம், (111) அடுக்குகளின் இடைவெளி 2.56. அவர்கள் பயன்படுத்திய அலைநீளம் 1.06 ஆங்ஸ்ட்ராம் அளவு. பிராக் விதிப்படி முதல் உச்சம் 24 பாகைக்கு அருகில் வர வேண்டும். அதற்குக் கீழே எதுவும் வர இடமில்லை. ஆனால் குளிர்ந்த மாதிரியில் 12 பாகைக்கு அருகில் பலமான புதிய உச்சம் ஒன்று எழுந்தது. அந்தக் கோணத்துக்குரிய இடைவெளி 5.13, அதாவது சரியாக இரண்டு மடங்கு. குறியீட்டில் சொன்னால் அது (½ ½ ½). வேதியியல் கண்ணுக்கு ஒவ்வொரு மாங்கனீசு அடுக்கும் அடுத்த மாங்கனீசு அடுக்கைப் போலவேதான். நியூட்ரானுக்கோ ஓர் அடுக்கு போய் அடுத்த அடுக்குதான் முதல் அடுக்கின் நகல். ஓர் அடுக்கு முழுவதும் காந்தம் ஒரு பக்கம் நோக்க, அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம் நோக்கினால் மட்டுமே இது சாத்தியம். நெயெல் சொன்ன நிலை முதன்முதலாக நேரடியாகக் கண்ணில் பட்டது.

குளிர்வித்தபோது புதிய உச்சம் வந்துவிட்டது என்பதற்காக அதைக் காந்தம் என்று எழுதிவிடக் கூடாது. மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மாங்கனீசு ஆக்சைடில் உள்ள பொறி மிகவும் நுட்பமானது: நியூட்ரான் கற்றையிலிருந்து ஓர் அலைநீளத்தைப் பிரித்தெடுக்கும் படிகம் பெரும்பாலும் அதன் பாதி அலைநீளத்தையும் கொஞ்சம் கூடவே அனுப்பிவிடும். பாதி அலைநீளத்தில் பலமான (111) உச்சம் விழும் இடம், முழு அலைநீளத்தில் (½ ½ ½) விழும் அதே இடம். காந்தமே இல்லாத பொருளிலும் அங்கே ஒரு போலி உச்சம் தெரியும். அறை வெப்பநிலையிலும் அது அதே அளவில் நிற்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பாதி அலைநீளத்தைத் தடுக்கும் கிராஃபைட் வடிகட்டியை வைத்தும் பார்க்கலாம். காந்த உச்சமோ வெப்பம் ஏற ஏறக் குறைந்து 118 கெல்வினில் மறையும். மறைந்த இடத்தில் மாங்கனீசு ஆக்சைடு ஓர் அகன்ற மேட்டை விட்டுச்செல்லும். அண்டை அணுக்களுக்கிடையே மட்டும் எஞ்சியிருக்கும் குறுகிய ஒழுங்கின் அடையாளம் அது.

அணுக்கள் இடம் நகர்ந்ததாலும் இப்படிப் பாதிக் குறியீட்டில் உச்சம் வரலாமே என்று கேட்கலாம். அதைப் பிரிக்க வழி உண்டு. காந்தத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் மேகம் விரிந்தது. ஆகவே காந்த உச்சங்கள் சிறு கோணங்களில் பலமாகவும் பெரிய கோணங்களில் மங்கியும் இருக்கும். அணு நகர்வால் வரும் உச்சங்கள் அப்படி மங்குவதில்லை; பெரிய கோணங்களில்தான் பலப்படும். சந்தேகம் தீராவிட்டால், அதே வெப்பநிலையில் எக்ஸ் கதிரால் அளந்து அங்கே ஏதாவது வருகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். தற்சுழற்சிகள் ஒரே பக்கம் நோக்கும்படி முனைவாக்கிய நியூட்ரான் கிடைத்தால் கேள்வி இன்னும் நேராகத் தீர்ந்துவிடும்.

இதற்குப் பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது: அடுக்குக்குள் அந்தக் காந்தங்கள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன? ஓக் ரிட்ஜ் குழு முதலில் கனசதுர விளிம்பின் திசையை முன்வைத்தது. நியூட்ரானின் காந்தச் சிதறலில் ஒரு விதி உண்டு; சிதறல் திசையனுக்குச் செங்குத்தான காந்தக் கூறு மட்டுமே அதற்குத் தெரியும், இணையான கூறு தெரியாது. மாங்கனீசு ஆக்சைடில் (½ ½ ½) உச்சத்தின் சிதறல் திசையன் அடுக்குகளுக்குச் செங்குத்தாக இருக்கிறது. காந்தங்கள் அதே திசையில் நிமிர்ந்து நின்றிருந்தால் அந்த உச்சமே வந்திருக்காது. பலமாக வந்திருக்கிறது; எனவே அவை நிமிர்ந்து நிற்கவில்லை. 1958-இல் ராத் இந்த வகை ஆக்சைடுகளை மறுபடியும் அளந்து, மாங்கனீசு ஆக்சைடில் காந்தங்கள் அடுக்கின் தளத்துக்குள்ளேயே படுத்திருக்கின்றன என்று நிறுவினார். இரும்பு ஆக்சைடில் அவை அடுக்குக்குச் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கின்றன. தளத்துக்குள் எந்தக் கோணம் என்று கேட்டால் பொடி மாதிரி வாய் திறக்காது. பல்லாயிரம் துகள்கள் எல்லாத் திசைகளிலும் கிடப்பதால் சமமான திசைகள் அனைத்தும் ஒரே வளையத்தில் கலந்துவிடும். அதற்கு ஒற்றைப் படிகம் வேண்டும், அதிலும் ஒரே காந்தப் பகுதி மட்டும் உள்ள படிகமானால் இன்னும் நல்லது.

நியூட்ரானின் விலையையும் சொல்ல வேண்டும். எக்ஸ் கதிருக்கு ஒரு சிட்டிகைப் பொடியும் சில நிமிடங்களும் போதும். நியூட்ரான்களைத் தரும் அணு உலையோ, டிராம்பேயில் உள்ள துருவா போன்றது, ஊருக்கு ஊர் இருப்பதில்லை. அங்கே சில கிராம் பொடியை வனேடியக் குழாயில் நிரப்பிப் பல மணி நேரம் எண்ண வேண்டும். வனேடியத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதே எண்களால்தான். அதன் சராசரிச் சிதறல் நீளம் மைனஸ் 0.4 மட்டுமே, எனவே குழாயின் உச்சங்கள் நம் உச்சங்களோடு கலக்காது. சில தனிமங்கள் நியூட்ரானைச் சிதறடிக்காமல் விழுங்கிவிடும். கடோலினியம் அப்படி, இரிடியமும் கணிசமாக விழுங்கும்.

அந்த இடத்தில் எக்ஸ் கதிர் திரும்பி வருகிறது. 1972-இல் பிரான்சில் டி பெர்ஜெவானும் புரூனலும் நிக்கல் ஆக்சைடில், மாங்கனீசு ஆக்சைடின் அதே பாதிக் குறியீட்டு உச்சங்களை எக்ஸ் கதிராலேயே பிடித்துக் காட்டினார்கள். பின்னர் சிங்க்ரோட்ரான் ஒளியின் ஆற்றலை ஒரு தனிமத்தின் உறிஞ்சல் விளிம்புக்கு இசைத்து, அந்தத் தனிமத்தின் காந்தச் சிதறலை மட்டும் பல மடங்கு பெருக்கும் முறை வந்தது. இரிடியம் சேர்மங்களில் ஒரு மணலளவுப் படிகம் மட்டுமே கையில் இருக்கும்போது, இன்று நானும் முதலில் அந்த வழியையே பரிந்துரைப்பேன். ஆனால் அங்கே உச்சத்தின் உயரத்தை வைத்து, ஓர் அணுவுக்கு இத்தனை போர் மேக்னட்டான் என்று நேராகச் சொல்லிவிட முடியாது. அந்த எண் வேண்டுமென்றால், அணுக்கரு உச்சங்களையே அளவுகோலாக வைத்துக் காந்த உச்சத்தை அளக்கும் நியூட்ரான் படத்துக்குத்தான் போக வேண்டும்.